மசாலாவுக்குள் ஒரு துப்பு

இரவு ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பொட்டல் மேட்டுநிலம். வேலைக்காரப் பெண் ஒருத்தி லாந்தரோடு குதிரை லாயத்தை நோக்கி நடக்கிறாள். அங்கே காவலிருக்கும் பையனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். அது என்ன சாப்பாடு என்பதை ஆர்தர் கோனன் டாயில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். முதல் தடவை மொழிபெயர்த்தபோது அந்த இடத்தில் நான் ‘ஆட்டுக்கறி’ என்று எழுதினேன். சுருக்கமாகவும் இயல்பாகவும் வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். கதையின் முடிவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு சொல்லால் கதையின் மிக நல்ல துப்பு ஒன்றை நானே அழித்திருந்தேன்.

கதையின் பெயர் ‘சில்வர் பிளேஸ்’. 1892 டிசம்பரில் லண்டனின் ‘ஸ்டிராண்ட்’ மாத இதழில் வந்த ஷெர்லக் ஹோம்ஸ் கதை. அதைத் தமிழில் அத்தியாயங்களாகப் பிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தபோது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. கதையைப் படிக்காதவர்கள், படிக்கும் எண்ணம் உள்ளவர்கள், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுக் கதையைப் படித்தபின் வாருங்கள்.

கதை இது. கர்னல் ராஸ் என்பவரின் பந்தயக் குதிரை சில்வர் பிளேஸ். பெரிய பந்தயம் நெருங்கும் நேரத்தில் ஓர் இரவு அது காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர், லாயத்திலிருந்து கொஞ்சதூரத்தில் பள்ளம் ஒன்றில் மண்டை உடைந்து செத்துக் கிடக்கிறார். காவலிருந்த பையனின் சாப்பாட்டில் யாரோ அபின் தூளைக் கலந்திருக்கிறார்கள். அவன் இரவெல்லாம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். அன்றிரவு லாயத்தருகே சுற்றித் திரிந்த ஃபிட்ஸ்ராய் சிம்சன் என்பவரைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. கடைசியில் ஹோம்ஸ் சொல்லும் உண்மை வேறு. ரகசியக் காதலுக்காகக் கடன்பட்ட ஸ்ட்ரேக்கரே பையனுக்கு மயக்கமருந்து கொடுத்து, குதிரையை வெளியே ஓட்டிப் போய், அதன் கால் நரம்பில் வெளியே தெரியாதபடி மெல்லிய கத்தியால் கீற முயன்றிருக்கிறார். மிரண்ட குதிரை அவர் நெற்றியில் உதைத்துவிட்டது. கொலையாளி குதிரை.

இப்போது அந்தச் சாப்பாட்டுக்கு வருவோம். டாயில் எழுதியது சாதாரண ஆட்டிறைச்சி இல்லை. இந்திய முறையில் மசாலா சேர்த்து சமைத்த ஆட்டிறைச்சி. ஹோம்ஸின் கணக்கு அதன்மேல்தான் நிற்கிறது. அபின் தூளுக்குத் தனிச் சுவை உண்டு. வேகவைத்த உணவில் கலந்தால் நாக்கில் தட்டுப்பட்டுவிடும். மசாலா இருந்தால் தெரியாது. அன்றிரவு அந்த வீட்டில் மசாலாக் கறி சமைக்க வேண்டும் என்று வெளியாளான சிம்சன் ஏற்பாடு செய்திருக்க முடியாது. அபினோடு அவர் வந்த அதே இரவில், அபினை மறைக்கும் சமையலும் தற்செயலாக அமைந்தது என்றால் நம்புவதற்கில்லை. ஆக, சமையலைத் தீர்மானிக்கக்கூடியவர்கள் ஸ்ட்ரேக்கரும் அவர் மனைவியும்தான்.

ஆங்கிலத்தில் இருக்கும் ‘கரி’ என்ற சொல்லே நம்முடைய ‘கறி’யிலிருந்து போனது என்பார்கள். போன சொல் மசாலாவைச் சுமந்துகொண்டு போனது. நம் பேச்சில் ‘ஆட்டுக்கறி’ என்றால் வெறும் இறைச்சி. கசாப்புக் கடையில் தொங்குவதும் ஆட்டுக்கறிதான். திரும்பி வந்த சொல்லை நான் அப்படியே வாங்கிப் போட்டேன். மசாலா விழுந்துவிட்டது. அதோடு துப்பும் விழுந்துவிட்டது.

திருத்தினேன். இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மசாலா மணக்க மணக்க, காரசாரமாக, ஆவி பறக்க என்று ஒரு வரி முழுக்கச் சமையல் வாசனை. என் அக்கா மகளிடம் முடிவை எடுத்துவிட்டு மீதியைப் படிக்கக் கொடுத்தேன். துப்பறியும் கதை என்றால் சாப்பாட்டை மறந்துவிடுகிற பெண். அந்தப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள். “மாமா, இந்தச் சாப்பாட்டை எதுக்கு இவ்வளவு வர்ணிக்கிறாங்க? இதுல எதையோ கலந்து அந்த வாசனையில மறைக்கிறாங்க, அதானே?” என்றாள். கதை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கஷாயத்தையும் சூரணத்தையும் தேனில் குழைத்து விழுங்கவைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஒரு சுவையை இன்னொன்றுக்குள் ஒளிக்கலாம் என்பது இங்கிலாந்து வாசகரைவிட நமக்குச் சீக்கிரம் தோன்றும். அதனால் தமிழில் இந்தத் துப்பு இன்னும் தணிந்த குரலில் வரவேண்டும்.

டாயில் எப்படித் தணித்தார் என்று மறுபடி பார்த்தேன். அப்போதுதான் அவருடைய கைவேலை பிடிபட்டது. சாப்பாட்டைச் சொன்ன கையோடு, அந்தப் பெண் குடிக்க எதுவும் கொண்டுபோகவில்லை என்கிறார். லாயத்திலேயே தண்ணீர்க் குழாய் இருக்கிறதாம். காவலிருக்கும் பையன் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது என்பது விதியாம். அடுத்து இருட்டு, லாந்தர், ஆளில்லாத பாதை. விஷம் என்றால் பானத்தில் வரும் என்று காத்திருக்கும் வாசகரின் கவனம் தண்ணீர் பக்கம் போய்விடுகிறது. தட்டு கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படுவதில்லை. இந்த வரிசையை மாற்றாமல் ‘மசாலா போட்ட ஆட்டுக்கறி’ என்று மூன்று சொற்களை வைத்தேன். அடைமொழி எதுவும் இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே தண்ணீர். தட்டு அதற்குமேல் பேசவில்லை.

‘மசாலா’ என்ற அந்தச் சொல் கடைசியில் ஹோம்ஸ் விளக்கும்போதும் அதே சொல்லாக வரவேண்டும். முதலில் ‘மசாலா’ என்று எழுதி, விளக்கும்போது ‘நறுமணப் பொருட்கள் சேர்ந்த உணவு’ என்று அழகுபடுத்தினால் இரண்டும் வாசகர் மனதில் ஒட்டாது. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது நடைக்குக் குறை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். துப்பறியும் கதையில் அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும். துப்பு என்பது பெரும்பாலும் ஒரு சொல்தான். ஓரிடத்தில் விதைத்த சொல்லையே இன்னோரிடத்தில் அறுக்க வேண்டும்.

ஆடுகள் விஷயத்திலும் இதே கதை. டார்ட்மூரை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஹோம்ஸ் லாயத்துப் பையன் ஒருவனிடம் அங்கு மேயும் செம்மறியாடுகளைப் பற்றி விசாரிக்கிறார். கொஞ்ச நாளாக மூன்று ஆடுகளுக்குக் கால் சரியில்லை என்கிறான் அவன். குதிரையின் காலைக் கெடுக்கும் முன் ஸ்ட்ரேக்கர் ஆடுகளின் காலில் கத்தியைப் பழகிப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரியும். பையன் வாயில் ‘நொண்டுது’ என்று வைத்தால், பின்னால் குதிரையைப் பற்றிப் பேசும்போதும் ‘நொண்டவைக்க’ என்றே எழுத வேண்டும். அங்கே ‘ஊனப்படுத்த’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு மாற்றினேன்.

இதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் கதையின் கடைசி அத்தியாயத்தை எடுத்து, துப்பறிவாளர் விளக்கத்தில் சொல்லும் ஒவ்வொரு பொருளையும் செயலையும் ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுவேன். வலப்பக்கம், அது முதலில் எந்த இடத்தில், என்ன சொல்லில் வந்தது என்று. இரண்டுக்கும் பொதுவான தமிழ்ச் சொல்லை முடிவு செய்த பிறகுதான் முதல் வரியைத் தொடுவேன். இந்தக் கதைக்கு அப்படி ஏழெட்டுச் சொற்கள் தேறின. அதில் ஒன்று தலைப்பிலேயே இருக்கிறது. குதிரையின் நெற்றியில் உள்ள வெள்ளைத் திட்டைத்தான் ‘பிளேஸ்’ என்கிறார்கள். நம்மூரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதைச் ‘சுட்டி’ என்போம். அந்தச் சுட்டியின்மேல் சாயம் பூசித்தான் குதிரையைப் பக்கத்து லாயத்தில் மறைத்து வைத்திருக்கிறார்கள். ‘வெள்ளிச் சுட்டி’ என்று பெயர் வைத்தால், ஆங்கில வாசகருக்குக் கிடைப்பது தமிழ் வாசகருக்கும் கிடைத்துவிடும். எழுத்துப்பெயர்ப்பாக விட்டால் கிடைக்காது.

எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் துப்பு நாய். லாயத்தில் ஒரு நாய் உண்டு. இரவில் யாரோ வந்து குதிரையை ஓட்டிப் போயிருக்கிறார்கள். பரணில் தூங்கிய இரண்டு பையன்களும் எழுந்திருக்கவில்லை. அன்றிரவு நாயிடம் நடந்ததைக் கவனியுங்கள் என்கிறார் ஹோம்ஸ். அதனிடம் ஒன்றுமே நடக்கவில்லையே என்கிறார் இன்ஸ்பெக்டர் கிரிகரி. அதுதான் கவனிக்க வேண்டியது என்கிறார் ஹோம்ஸ். வந்தது நாய்க்குப் பழக்கமான ஆள். சில வரிகளில் முடிந்துவிடும் பேச்சு. என்னை இரண்டு நாள் உட்காரவைத்தது.

இன்ஸ்பெக்டரின் பதிலில் நாய் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து வரும் குரல் என்ன? “ஒண்ணும் செய்யாது, பயப்படாம வாங்க.” நம் காதில் அது கடிக்காத நாயைக் குறிக்கும். வாசகர் கடியை நினைத்துக்கொண்டு குரைப்பை விட்டுவிடுவார். சரி, ‘குரைக்கவில்லை’ என்று எழுதலாமா? கூடாது. குரைப்பு என்ற சொல்லை இன்ஸ்பெக்டர் உச்சரிப்பதில்லை. அதை வாசகர் தானே எட்டிப் பிடிக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால், யோசிக்க வேண்டியதில் பாதியை நாம் யோசித்துக் கொடுத்துவிடுகிறோம்.

கடைசியில் உதவியது ‘சும்மா’. நாய் சும்மா இருந்தது என்றால் கடிக்காததும் அடங்கும், குரைக்காததும் அடங்கும், அசையாததும் அடங்கும். எதையும் காட்டிக் கொடுக்காத சொல். இதற்காகவே தமிழில் பிறந்தது போல இருந்தது.

ஆனால் அதிலும் ஒரு கண்ணி. நம்முடைய இடைச்சொற்கள் கோள்சொல்லிகள். ‘நாய்கூடச் சும்மா இருந்தது’ என்று ஒரு ‘கூட’ சேர்ந்தால் போதும், அங்கே ஏதோ இருக்கிறது என்று அது கையைப் பிடித்து இழுக்கும். ‘நாயும்’ என்ற ‘உம்’, ‘சும்மாவே’ என்ற ‘ஏ’, எல்லாமே அப்படித்தான். ஆங்கில வாக்கியத்தில் அந்த அழுத்தம் இல்லை. தமிழில் எழுதும்போது கை தானாகப் போட்டுவிடும், ஏனென்றால் முடிவு நமக்குத் தெரியும். முதல் படி முடிந்ததும் துப்புகள் உள்ள வாக்கியங்களில் மட்டும் ‘கூட’, ‘தான்’, ‘ஏ’, ‘உம்’ தேடி எடுப்பேன். இன்ஸ்பெக்டரின் வியப்புக்கு ஒரே ஓர் ‘ஏ’ விட்டுவைத்தேன். அது அந்த மனிதரின் குரல். கதாசிரியரின் சாடை இல்லை.

இந்த நாய் திடீரென்று முளைப்பதும் இல்லை. கதையின் தொடக்கத்தில், சிம்சன் ஜன்னலில் வந்து பேசும்போது, அவரை விரட்டுவதற்காகப் பையன் நாயை அவிழ்த்துவிட ஓடுகிறான். அந்த வரி இல்லையென்றால் லாயத்தில் நாய் இருப்பதே வாசகருக்குத் தெரியாது. பக்கத்தைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் பலியாவது இப்படிப்பட்ட வரிகள்தான். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிவாளர் கண்ட துப்பை வாசகருக்கும் அப்போதே காட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. மூலத்தில் காட்டப்பட்டதைச் சுருக்கத்தில் மறைத்துவிட்டால், ஏமாற்றியவர் டாயில் ஆகமாட்டார், நாம்தான். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய காலத்தில் ஊரையும் பேரையும் ஆட்களையும் நம்மூராக்கிவிட்டார்கள், வாசகர்கள் கொண்டாடினார்கள். இந்தக் கதையை அப்படித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் மசாலாக் கறி துப்பாகவே நிற்காது. அது அங்கே தினப்படி சமையல்.

குட்டி வாக்கியங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பதற்றமான இடங்கள் துண்டு துண்டாக வரும். தமிழில் நமக்கு எச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது சுகம்: எழுந்து, உடுத்தி, கதவைத் திறந்து, மழையில் இறங்கி, நடந்து போனார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கதை சொல்லும் பாட்டிக்கு அது அழகு. பதற்றத்தை அது கரைத்துவிடும். சரி என்று ஒவ்வொன்றையும் உடைத்தால் வேறு தொல்லை. எழுந்தார். உடுத்தினார். திறந்தார். இறங்கினார். வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’ என்று முடிந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. வினையை எல்லா இடத்திலும் முடிவில் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதற்குப் பரிகாரம். ஸ்ட்ரேக்கரைத் தேடிப் போகும் இடத்தை, என் சொற்களில், இப்படி அமைத்துப் பார்த்தேன்:

‘புதரில் ஒரு கோட்டு. காற்றில் படபடத்தது. ஸ்ட்ரேக்கருடையது. அதற்கு அப்பால் பள்ளம். பள்ளத்தில் அவர். உயிர் இல்லை. வலது கையில் சின்னக் கத்தி ஒன்று.’

இதில் தெரிநிலை வினைமுற்று ஒன்றே ஒன்று. மற்றவை பெரும்பாலும் பெயரில் நிற்கின்றன. இப்படி நிறுத்தினால், வாசகர் கடைசியாகப் பார்ப்பது கத்தியாக இருக்கும். ‘கத்தியைப் பிடித்திருந்தார்’ என்று முடித்தால் கத்தி நடுவில் போய், பிடித்திருந்தது முன்னால் வந்துவிடும். துப்பு கத்தியில் இருக்கிறது: சண்டைக்கு எடுத்துப்போகும் கத்தி இல்லை அது, கண்புரை அறுக்கும் கத்தி என்று டாக்டரான வாட்சன் அடையாளம் சொல்கிறார்.

‘அவர்’ என்று எழுதினேனே, அதுவும் சுலபமாக வரவில்லை. ஆங்கிலத்தில் எல்லா ஆணுக்கும் ஒரே சுட்டு. தமிழில் அவனா, அவரா என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதியாக வேண்டும். முடிவு தெரிந்த கை, ஸ்ட்ரேக்கரை இரண்டாம் பக்கத்திலேயே ‘அவன்’ என்று எழுதிவிட்டது. நல்ல பெயரோடு இறந்த, மனைவி அழுதுகொண்டிருக்கிற ஒரு பயிற்சியாளரைக் கதைக்குள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எல்லாப் பெரியவர்களுக்கும் ‘அவர்’ என்று வைத்தேன், சிறையில் இருக்கும் சிம்சனுக்கும் சேர்த்து. உண்மை வெளியான பின்பும் ஸ்ட்ரேக்கருக்கு மரியாதையைக் குறைக்கவில்லை. ஹோம்ஸ் திட்டுகிறவர் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடினம் பந்தயத் திடலில் காத்திருந்தது. குதிரை ஓடி ஜெயித்துவிட்டது. கொலையாளி எங்கே என்று கர்னல் கேட்கிறார். இந்த நிமிடம் நம்மோடுதான் என்று பதில் வருகிறது. கர்னலுக்கு முகம் சிவக்கிறது. அவருக்கு நேர் பின்னால் என்று சொல்லிவிட்டு, ஹோம்ஸ் தாண்டிப் போய்க் குதிரையின் கழுத்தில் கையை வைக்கிறார்.

ஆங்கிலத்தில் ‘நிற்கிற’ என்ற வினை உயர்திணையா அஃறிணையா என்று சொல்லாது. தமிழில் சொல்லும். ‘கொலையாளி உங்களுக்குப் பின்னால் நிற்கிறான்’ என்று எழுதினால், அடுத்த நொடியில் ஹோம்ஸ் பொய் சொன்னவர் ஆகிறார். ‘நிற்கிறார்’ என்றாலும் அப்படித்தான். ‘நிற்கிறது’ என்று எழுதினால் அந்த ‘து’ குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. கழுத்தில் கை வைக்கும்வரை கூடத் தாங்காது. இரண்டாயிரம் ஆண்டாகத் திணையைப் பிரித்துப் பார்க்கும் மொழி, இந்த ஒரு வாக்கியத்தில் என்னை மடக்கியது.

கதை முழுக்கத் திரும்பிப் பார்த்தேன். ‘ஸ்ட்ரேக்கரைக் கொன்றவன்’ என்று நான் எழுதிய ஒவ்வொன்றும் இதே பொய். அதை எல்லாம் ‘ஸ்ட்ரேக்கரைக் கொன்றது யார்’ என்று மாற்றினேன். பேச்சில் நாம் இயல்பாகக் கேட்பதும் அப்படித்தானே: கதவைத் தட்டினது யாரு, விளக்கை அணைச்சது யாரு. ‘கொன்றது’ என்பதில் ‘து’ இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. முடிவு தெரிந்தபின் திரும்பிப் படிப்பவருக்கு மட்டும், அது தொடக்கத்திலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது தெரியும். இப்படி ஒரு துப்பு ஆங்கில மூலத்தில் கிடையாது. தமிழ் கொடுத்தது.

ஹோம்ஸின் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வினையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கர்னல் கேட்கிறார், பதிலாக ‘உங்கள் முதுகுக்குப் பின்னால்’ என்ற மூன்று சொல். முற்றுப்புள்ளி. அடுத்த பத்தியில் கை, கழுத்து, குதிரை.

அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புத் தாள் வந்தது. திருத்தியவர் கவனமான மனிதர். ஒற்றுப் பிழை ஒன்று விடவில்லை. அந்த வரிக்கு வந்தபோது, வாக்கியம் பாதியில் நிற்கிறது, ஒரு சொல் விடுபட்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். சிவப்பு மையில் ஒரு கூரை போட்டு, மேலே அழகான கையெழுத்தில் சேர்த்திருந்தார்: ‘நிற்கிறான்’. நான் அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: “வினை வேண்டாம் ஐயா. அடுத்த பத்தியைப் படித்துப் பாருங்கள்.”